ஒரே டெக், மூணு பேர்: கைமாத்துற அந்த ஒரு வரி

வணக்கம்! பிரசன்டேஷன் டெக் ரெடி, 18 ஸ்லைடு, பேசப்போறது மூணு பேர். ஸ்லைடுல நாம கை வைக்கப் போறதில்ல. ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கிற இடத்துக்கு மட்டும் வரி எழுதறோம். மூணு பேர்னா அப்படி ரெண்டே இடம்தான்.

எல்லா ஸ்லைடும் சின்னச் சின்னதா வரிசையாத் தெரியற ஸ்லைடு சார்ட்டர்ல போய், அந்த இடத்துல இருக்கிற ரெண்டு தலைப்பையும் சேர்த்துப் படிங்க. உதாரணத்துக்கு, 6-வது ஸ்லைடு "டெலிவரி தாமதம், வாரவாரியா". 7-வது, "தாமதத்துக்கான காரணங்கள்".

வழக்கமா என்ன சொல்வாங்க? "அடுத்து காரணங்களைப் பத்தி ரவி பேசுவார்." ரவியும் வந்து, "நான் காரணங்களைப் பத்திப் பேசப்போறேன்"ம்பார். ஸ்லைடுலயும் அதேதான் எழுதியிருக்கு. ஒரே தலைப்பு மூணு தடவை!

அதுக்குப் பதிலா இப்படி எழுதுங்க: "தாமதம் எல்லா வாரமும் இல்ல, மாசக் கடைசி வாரத்துலதான் குவியுது. அந்த வாரம் மட்டும் ஏன்? ரவி."

முதல்ல தன் பகுதியோட முடிவு, அப்புறம் அதுலேருந்து வர்ற கேள்வி, கடைசியா பேரு. பத்து செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். ரவியோட முதல் வாக்கியம் நேரா பதில்: "அந்த வாரம் பேக்கிங் ஆளுங்க ஸ்டாக் எண்ணப் போயிடறாங்க." நன்றி, அறிமுகம் எதுவும் வேண்டாம். மூணு பேரையும் முதல் ஸ்லைடுலயே அறிமுகப்படுத்திடுங்க.

இங்க சறுக்கறது கேள்விதான். 7-வது ஸ்லைடுல காரணமே இல்லாம, ஆர்டர் போற வழி மட்டும் படமா இருக்குன்னு வைங்க. "ஏன்?"னு கேட்டுட்டு படத்தைக் காட்டினா பாக்கறவங்க முழிப்பாங்க. அப்போ ஸ்லைடை மாத்தாதீங்க, கேள்வியை மாத்துங்க: "அந்த வாரம் ஒரு ஆர்டர் எங்க போய் நிக்குது?"

ரெண்டாவதா கைமாத்தற இடம் 13-வது ஸ்லைடு, அது இன்னும் கஷ்டம். நாலு காரணம் பட்டியலா இருக்கு, முடிவுன்னு ஒண்ணு இல்ல. பேசறவரே ஒரு முடிவைச் சொல்லியாகணும்: "இந்த நாலுல ரெண்டை நாமளே சரி பண்ணலாம். அதுக்கு எவ்வளவு செலவாகும்?" அடுத்த பகுதி செலவுதான், அதனால சரியா உக்காருது.

கிளிக் யார் பண்றது? என்னைக் கேட்டா, வாங்கறவர்தான். குடுக்கறவர் முன்னாடியே தட்டிட்டா, எல்லாரும் புது ஸ்லைடைப் படிக்க ஆரம்பிச்சிடுவாங்க, கேள்வி காதுல விழாது. கிளிக்கர் ஒண்ணுதான்னா, 6-வது ஸ்லைடு வந்ததுமே ரவி எழுந்து பக்கத்துல வந்து நிக்கட்டும்.

ஆன்லைன்ல மட்டும் வரிசையைத் திருப்பிடுங்க. "ரவி, உங்களுக்கு ஒரு கேள்வி"ன்னு பேரு முன்னாடி வரணும். மியூட்டை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

முழு வரியை 6-வது ஸ்லைடோட நோட்ஸ்ல போடுங்க. 7-வதோட நோட்ஸ்ல முதல் வரியா "அந்த வாரம் மட்டும் ஏன்? ரவி"ன்னு போட்டு, அதுக்குக் கீழ ரவியோட பதில். அவர் காத்திருக்க வேண்டிய வார்த்தை அதுதான். ஸ்லைடை நகர்த்தினா நோட்ஸும் கூடவே போயிடும். அதனால கடைசி நேரத்துல யாராவது வரிசையை மாத்தியிருந்தா, அந்த ரெண்டு இடத்தையும் மறுபடி சத்தமாப் படிச்சுப் பாருங்க.