சும்மா சொன்னதும் பகிடிக்குச் சொன்னதும்

நடுவர் எங்கள் முன்னால் வைத்த கேள்வி: “‘ஜஸ்ட் கிடிங்’, ‘ஜஸ்ட் செக்கிங் இன்’, ‘ஜஸ்ட் சேயிங்’ எண்டு ஆங்கிலத்தில எல்லாரும் போட்டுப் பேசுற இந்தச் சின்னச் சொல்லுகள் செய்யிற வேலையைத் தமிழ் செய்யுமா, செய்யாதா?”

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைச் சபையோரே, வணக்கம்.

செய்யும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியின் முதல் பேச்சாளர் தம்பி ஒரு விசயத்தைச் சரியாகப் பிடித்தார். இந்த ‘ஜஸ்ட்’டுக்கு ஈடாக நம்மிடம் இருக்கும் ஒரே சொல் ‘சும்மா’. அதைப் போட்டால் பொருள் கெட்டுப்போகிறது என்றார். பொருள் கெடுவது உண்மை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லைத் தேடியதால்தான் கெடுகிறது. மொழி செய்கிற வேலையைச் சொல்லில் மட்டும் தேடினால் கிடைக்காது.

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பரில் கடல் வந்து போனபிறகு, மூதூர்ப் பக்கம் வேலை செய்த ஒரு நிவாரண அமைப்பில் நான் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டு இணைப்பாளர் ஆங்கிலத்தில் எழுதுவார், நான் தமிழாக்கிக் களத்தில் இருந்தவர்களுக்கு அனுப்புவேன். உப்பேறிய கிணறுகளின் பட்டியல் ஒன்று வரவேண்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் எழுதினார்: கிணற்றுப் பட்டியலைப் பற்றி ‘ஜஸ்ட் செக்கிங் இன்’, அவசரமில்லை.

நான் எழுதியது இது: ‘கிணற்றுப் பட்டியல் தொடர்பாகச் சும்மா சரிபார்க்கிறேன்.’

களத்தில் இருந்தவர் ஒரு அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்றைக்கே எடுத்தார். “என்ன தம்பி, எங்களில சந்தேகமோ?” என்று கேட்டார். ‘சரிபார்’ என்றால் கணக்கைப் பார்ப்பது, பிழை தேடுவது. பாவம், அவர் இரண்டு நாள் வெயிலில் திரும்பவும் ஒவ்வொரு கிணறாக நடந்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. என் ஒரு வினைச்சொல் கேட்டுவிட்டது.

அடுத்த கிழமையும் அதேபோல ஒரு கடிதம் வந்தது, அடுத்த கிராமத்துப் பட்டியலுக்கு. இந்த முறை கவனமாக இருக்க வேண்டுமென்று ‘சரிபார்’ஐ எடுத்துவிட்டு, ‘பட்டியலைப் பற்றிச் சும்மா கேட்டேன்’ என்று எழுதினேன். அக்காவுக்கு மனம் நோகவில்லை. ஆனால் பட்டியலும் வரவில்லை. சும்மா கேட்டதற்கு யார் வேலையை விட்டுவிட்டுப் பதில் எழுதுவார்கள்? வெள்ளிக்கிழமை ஆனது, கிணறு இறைக்கிற பம்ப் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊர்ச் சனம் இன்னும் எட்டு நாள் பவுசரை நம்பிக் குடத்தோடு நின்றது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் முறை ஒன்றுமில்லாததைக் குற்றச்சாட்டாக்கினேன். இரண்டாம் முறை வேண்டுகோளை ஒன்றுமில்லாததாக்கினேன். ‘ஜஸ்ட் செக்கிங் இன்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ‘எனக்கு அது வேண்டும், ஆனால் உங்களை நெருக்குவதாக நினைக்காதீர்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்வது. நம் கந்தோர்களில் ‘நினைவூட்டல்’ என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம் வந்தால் வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும்? ‘நினைவூட்டல் 2’ என்று வந்தால் இன்னும் எப்படி இருக்கும்? அந்தத் தலைப்பைப் போடாமல் நினைவூட்டத்தான் ஆங்கிலக்காரர் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் முறை, கச்சேரியில் முப்பது வருசம் மொழிபெயர்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் போனேன். கடிதத்தைக் காட்டினேன். அவர் அகராதி எடுக்கவில்லை. “இதை வாசிச்சு முடிச்ச உடனே அந்தப் பிள்ளை என்ன செய்யவேணும்? எப்ப செய்யவேணும்? எந்த முகத்தோட செய்யவேணும்?” என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு, “நீ அக்காவோட எப்படிக் கதைப்பியோ அப்படி எழுது” என்றார். இப்படி எழுதினேன்:

‘அக்கா, கிணத்துப் பட்டியல் எந்தளவில நிக்குது? வியாழனுக்குள்ள அனுப்ப ஏலுமோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.’

புதன்கிழமையே வந்துவிட்டது.

இதில் ‘ஜஸ்ட்’ எங்கே இருக்கிறது என்று எதிரணி தேடலாம். ஒரு இடத்தில் இல்லை, நாலு இடத்தில் பரவி இருக்கிறது. முதலில் ‘அக்கா’: கேட்கிறவன் இளையவன் என்று சொல்லிவிட்டது. அடுத்தது ‘எந்தளவில நிக்குது’: நிற்பது பட்டியல், அக்கா அல்ல. ‘நீங்கள் முடித்துவிட்டீர்களா’ என்று கேட்டிருந்தால் விரல் அவரைத்தான் காட்டியிருக்கும். மூன்றாவது ‘ஏலுமோ’. ‘ஏலுமா’ என்றால் ஆம், இல்லை என்று பதில் வேண்டும். ‘ஏலுமோ’ என்றால் கேட்கிறவனுக்கே ஐயம், மறுப்பதற்கும் இடம் இருக்கிறது. ஒரு எழுத்து வித்தியாசம், அதற்குள் எவ்வளவு மரியாதை! கடைசியில் ‘ஒருக்கா’. ஒரு தடவை, ஒரு நிமிசம், பெரிய வேலை இல்லை என்று அது சுமையைக் குறைக்கிறது. ஆனால் வியாழன் என்ற நாளும் அங்கேயே இருக்கிறது. என் இரண்டாவது மொழிபெயர்ப்பில் தொலைந்தது அந்த நாள்தான். அவசரமில்லை என்று எழுதிய இணைப்பாளர் மனத்தில் ஒரு நாள் இருந்தது. நான் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது வியாழன் என்றார்.

பணிவுப் பேச்சைப் பற்றி உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டுகிற ஆய்வைச் செய்தவர்கள் பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். 1978இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு அவர்கள் எடுத்த மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிக்கோவின் செல்டால், மூன்றாவது நம் தமிழ், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத் தமிழ். சுமையைக் குறைத்துக் கேட்கிற வழி எந்த மொழியிலும் உண்டு என்று காட்டத் தமிழையே சாட்சிக்கு அழைத்தார்கள். எதிரணி அந்தச் சாட்சியை எப்படித் தள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஐயா தன் மகளைப் பற்றிச் சொன்னார். மகள் கனடாவிலிருந்து ‘ஜஸ்ட் செக்கிங் இன்’ என்று மட்டும் செய்தி போடுகிறாள், என்ன கேட்கிறாள் என்று விளங்காமல் அன்றிரவு தூங்கவில்லை என்றார். ஐயா, அது நடுவர் கேட்ட கேள்வி இல்லை, ஆனால் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. உங்கள் மகள் எதையும் கேட்கவில்லை. நீங்கள் அவளிடம் “சாப்பிட்டியா பிள்ளை?” என்று கேட்பீர்களே, அதைத்தான் அவள் அப்படி எழுதியிருக்கிறாள். சோறா, புட்டா என்று அறியவா நீங்கள் கேட்கிறீர்கள்? கந்தோர்க் கடிதத்தில் வேண்டுகோளாக இருந்த அதே சொற்றொடர் மகள் கையில் வெறும் அன்பு. ஆகவே மொழிபெயர்ப்பும் இரண்டு.

சரி, ‘ஜஸ்ட் கிடிங்’குக்கு வருகிறேன். இங்கே நாம் ஆங்கிலத்தைவிட வசதியாக இருக்கிறோம் என்பேன். “பகிடிக்குச் சொன்னனான்” என்கிறோம். ‘சொன்னன்’ வேறு, ‘சொன்னனான்’ வேறு. ‘சொன்னன்’ நடந்ததைச் சொல்கிறது. ‘சொன்னனான்’ என்றால் சொன்னது உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான், ஏன் சொன்னேன் என்பதை இப்போது கேள் என்று ‘பகிடிக்கு’ என்ற சொல்லின் மேல் கனத்தை ஏற்றிவிடுகிறது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வேலையை அந்த வினைமுடிவு செய்கிறது.

ஆனால் பகிடி என்று சொன்னவுடன் அது பகிடி ஆகிவிடாது என்பதையும் நம் தமிழ் அறிந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களில் நடக்கிற ராகிங்கிற்கு இந்த நாட்டில் நாம் சொல்லுகிற பெயர் ‘பகிடிவதை’. அதைத் தடைசெய்ய 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. செய்தவன் ‘பகிடி’ என்கிறான், பட்டவன் ‘வதை’ என்கிறான். இரண்டு பேருடைய வாக்குமூலமும் ஒரே சொல்லுக்குள் நிற்கின்றன. ‘ஜஸ்ட் கிடிங்’ எங்கே பொய்யாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியாது.

கடைசிச் சொல் ‘ஜஸ்ட் சேயிங்’. இதில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. பலர் இதற்கும் ‘சும்மா சொன்னேன்’ என்று போடுகிறார்கள். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு நாம் என்ன சொல்கிறோம்? “சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பாடினாள்.” அங்கே சும்மா சொல்வது என்றால் இல்லாததைச் சொல்வது. ஆகவே ‘சும்மா சொன்னனான்’ என்றால் நான் சொன்னது மெய்யில்லை என்ற பக்கமே சாய்கிறது. ‘ஜஸ்ட் கிடிங்’குக்கு அது பொருந்தும். ‘ஜஸ்ட் சேயிங்’ அதற்கு நேர் எதிர். நான் சொன்னது மெய், ஆனால் என்னோடு வாதாட வராதே என்பது அது. ‘இந்தக் காணியில் மாரிக்குத் தண்ணி நிற்கும், ஜஸ்ட் சேயிங்’ என்று ஒருவர் எழுதினதை ‘தண்ணி நிற்கும், சும்மா சொன்னேன்’ என்று தமிழாக்கினால், வாங்குகிறவர் நிம்மதியாகக் காணியை வாங்கிவிடுவார்.

அப்படியானால் என்ன போடுவது? “நான் சொல்லிப்போட்டன்” என்று போடலாம். அதில் மெய் இருக்கிறது, ஆனால் ‘பிறகு என்னைக் குறை சொல்லாதே’ என்ற எச்சரிக்கையும் ஏறிவிடுகிறது. “எனக்குப் பட்டதைச் சொன்னன்” என்றால் சொன்னவர் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார், ஆங்கிலத்தில் அவர் அதிலிருந்துதான் நழுவுகிறார். “எனக்கென்ன, கண்டதைச் சொன்னன்” என்றால் நழுவுதல் வருகிறது, கூடவே ஒரு கசப்பும் வருகிறது. ஆங்கிலத்தில் தோளைக் குலுக்கி, பாதிச் சிரிப்போடு போகிற அந்தத் தொனி இந்த மூன்றிலும் முழுதாக இல்லை. கச்சேரி ஐயாவிடம் இதையும் கேட்டேன். அவர் கனநேரம் யோசித்துவிட்டு, “காணிக்காரன் ஆர், வாங்கிறவன் ஆர் எண்டு சொல்லு, பிறகு பாப்பம்” என்றார். அதற்குமேல் அவரும் போகவில்லை.

நடுவர் அவர்களே, இரண்டு சொற்களை முழுதாகக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றாவதில் பாதியை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும், அது அவர்களுக்கு உரியதுதான். நன்றி, வணக்கம்.