வேர் மேலே இருக்கும் மரம்

கப்பலூர் தொழிற்பேட்டை கூட்டத்தில் ஆற்றிய உரை

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பாலிடெக்னிக் முதல்வர் அவர்களே, துண்டு போர்த்தியே பாதி நேரத்தை எடுத்துக்கொண்ட வரவேற்புக் குழுவினரே, பட்டறைத் தம்பிகளே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்வதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே பழமொழிதான்: ‘அடியைப் பிடியடா பாரதபட்டா.’

முதலாவது, சாலிட்வொர்க்ஸ் வரைவு மென்பொருளில் செய்த வேலைகள் வரிசையாக நிற்கும் பட்டியலை ஃபீச்சர் மரம் என்கிறோமே, அந்த மரத்துக்கு வேர் மேலே, நுனி கீழே. முதலில் வரைந்தது உச்சியில் இருக்கும். பட்டியலின் கீழே கிடக்கும் ரோல்பேக் கோட்டை மேலே இழுத்தால், அதற்குக் கீழே உள்ளவை அழிவதில்லை. தற்காலிகமாக ஒதுங்கி நிற்கின்றன.

இங்கே ஒரு பட்டறையில் நடந்தது இது. அலுமினிய மூடி ஒன்று. பெட்டி வடிவம், அதன் பிறகு 3 மில்லிமீட்டர் சுவர் விட்டு உள்ளே குடையும் ஷெல், அதற்கும் கீழே மேல்தட்டில் நான்கு திருகுத் துளைகள். எல்லாம் முடிந்த நேரத்தில் வாடிக்கையாளர் நான்கு செங்குத்து மூலைகளையும் 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டித் தரச் சொன்னார். தம்பி பட்டியலின் கடைசியில் மூலையை உருட்டும் ஃபில்லட் ஒன்றை ஒட்டிவிட்டான். வெளியே மூலை அழகாக இருந்தது. அங்கே ஒரு மூத்த ஃபோர்மேன், வெற்றிலை போட்டால் வாயே திறக்க மாட்டார். அவர் விரலால் மூலையைக் காட்டி, “வெட்டிப் பாருடா” என்றார். குறுக்கு வெட்டில் உள்மூலை கூராகவே நின்றது. அந்த இடத்தில் சுவர் ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர்தான். அப்போதுதான் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அடியைப் பிடியடா பாரதபட்டா!” என்றார்.

தம்பி அந்த ஃபில்லட்டை நீக்கினான். ரோல்பேக் கோட்டை ஷெல்லுக்கு மேலே இழுத்து நிறுத்தி, அங்கே ஃபில்லட் போட்டான். கோட்டை ஒரு படி இறக்கினான். உள்மூலை 2 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்தது; சுவர் மூலையிலும் 3 மில்லிமீட்டரே நின்றது. அடுத்த படியில் துளைகள் எச்சரிக்கை காட்டின. துளைகளுக்கான அளவைப் பெட்டியின் மூலைப் புள்ளியிலிருந்து எடுத்திருந்தான். உருட்டியதும் அந்தப் புள்ளியே இல்லாமல் போய்விட்டது. துளைகளை வரைந்த ஸ்கெட்சைத் திறந்து, அளவுகளைப் பெட்டியின் நடுத்தளங்களோடு கட்டியதும் எச்சரிக்கை நீங்கியது. கோட்டை ஒரேயடியாகக் கீழே தள்ளியிருந்தால் எது முதலில் உடைந்தது என்று தேடிக்கொண்டிருப்பான். மேலே உள்ள முதல் பிழையைச் சரிசெய்தால் கீழே பல பிழைகள் தானே அடங்கும்.

இரண்டாவது, ஸ்கெட்சில் ஒரு கோடு பிடிக்கவில்லை என்றால் அழித்துப் புதிதாக வரையாதீர்கள். இருப்பதையே இழுத்து மாற்றுங்கள். அதே இடத்தில் வரைந்தாலும் மென்பொருளுக்கு அது வேறு கோடு. பழைய கோட்டைப் பிடித்துத் தொங்கும் விளிம்புகளும் ஃபில்லட்டுகளும் பிடி விட்டுப்போகும்.

மூன்றாவதற்குள் போகுமுன் முதல்வர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. போகிற மேடையெல்லாம் இதைத்தான் கேட்கிறேன். செய்முறைத் தேர்வில் வெற்றுத் திரையைக் கொடுத்து வரையச் சொல்கிறீர்கள். முப்பது ஃபீச்சர் உள்ள முடிந்த கோப்பைக் கொடுத்து, நான்காவதை மாற்றச் சொல்லுங்கள்; கீழே ஒரு சிவப்புக் குறிகூட மிஞ்சக் கூடாது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தி அடுத்த கூட்டத்துக்கு. முதல்வரின் பதிலை இன்றே, இந்த மேடையிலேயே கேட்க விரும்புகிறேன்.