அடுத்து என்ன பார்ப்பார்?

வணக்கம் நேயர்களே. மெஷின் லேர்னிங் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "வீடியோ தளத்துக்கு ஒரு பரிந்துரை அமைப்பை வடிவமைத்துக் காட்டுங்கள்." இதற்குத் தயாராகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, யூடியூப் பொறியாளர்கள் மூவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையைத்தான்.

லட்சக்கணக்கான வீடியோக்களில் ஒவ்வொன்றையும் நிதானமாக எடைபோட நேரம் கிடையாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் கேண்டிடேட் ஜெனரேஷன். ஒருவர் பார்த்தவை, தேடியவை ஆகியவற்றைக் கொண்டு சில நூறு வீடியோக்களைச் சட்டென்று அள்ளி வருவது. இங்கே வரிசை முன்னே பின்னே இருக்கலாம், நல்லது விட்டுப்போகக் கூடாது. அப்புறம் ரேங்கிங். இந்தச் சேனலில் இவர் எத்தனை பார்த்தார், இதே வீடியோவை முன்பு காட்டியும் தொடாமல் விட்டாரா என்றெல்லாம் பார்த்து வரிசைப்படுத்துவது. கிளிக்கை மட்டும் எண்ணினால் கவர்ச்சியான முகப்புப் படம் போட்டவர் ஜெயித்துவிடுவார். அதனால் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பதைக் கணிக்கும்படி பயிற்சி கொடுத்தார்கள்.

சரி, அமைப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் சறுக்குவது இங்கேதான். பழைய பதிவுகளில் ஒரு வீடியோவை மறைத்து வைத்து, மாடல் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது ஆஃப்லைன் சோதனை. ஒருவர் பத்து பாகத் தொடர் ஒன்றைப் பார்த்திருக்கிறார். நீங்கள் நான்காம் பாகத்தை மறைக்கிறீர்கள். மூன்றும் ஐந்தும் மாடலின் கண்ணெதிரே இருக்கின்றன. நடுவில் இருப்பது நான்கு என்று சொல்ல என்ன கஷ்டம்? மதிப்பெண் ஏறிவிடும். ஆனால் நிஜத்தில் அவர் மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார், ஐந்தாம் பாகம் இன்னும் நடக்கவே இல்லை. ஆகவே நான்கை மறைத்தால், அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். இப்படி அடுத்ததைக் கணிக்கப் பயிற்றுவித்த மாடல்தான் நேரடிச் சோதனையில் வெகுவாக முந்தியது என்று அந்தக் கட்டுரை சொல்கிறது.

இதைச் சரியாகச் செய்தாலும் ஒரு குறை மிஞ்சும். பழைய அமைப்பு காட்டாத வீடியோவுக்குப் பதிவில் கிளிக் இருக்க வாய்ப்பே குறைவு. புதிய மாடல் அதை எடுத்துக் கொடுத்தால், ஆஃப்லைன் கணக்கு தவறு என்றே குறிக்கும். அதனால் ஆஃப்லைனை மோசமான யோசனைகளைக் கழிக்க வைத்துக்கொண்டு, முடிவை ஏ-பி சோதனைக்கு விட வேண்டும்: பயனர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஒன்றுக்குப் பழைய அமைப்பையும் மற்றதற்குப் புதியதையும் கொடுத்து, பார்த்த நேரத்தை ஒப்பிடுவது.

ஆஃப்லைனில் ஏறியது ஆன்லைனில் அசையவில்லை என்றால் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது ஒன்று உண்டு. புதிய கேண்டிடேட் ஜெனரேஷன் கொண்டுவந்த வீடியோக்களில் எத்தனை, கடைசியில் திரைக்கு வந்த இருபது வீடியோக்களில் இருக்கின்றன? பல சமயம் ஒன்றுமே இருக்காது. பழைய பதிவுகளில் பயின்ற ரேங்கர், பழக்கமில்லாத அவற்றை அடிக்குத் தள்ளியிருக்கும்.