ஒரு ஸ்லைடு நாலாச்சு, மாடி அங்கிளுக்கு கோவம் வந்துச்சு | தண்ணி மீட்டிங் வ்லாக்

வணக்கம் மக்களே, இன்னிக்கு செம மூட்ல இருக்கேன், ஏன்னா நம்ம அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங் ஒரு வழியா முடிஞ்சுது, தண்ணி மேட்டர் பாஸ் ஆயிடுச்சு. மாடி அங்கிள் யாருன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், லிஃப்ட்ல நோட்டீஸ் மேல நோட்டீஸ் ஒட்டுவாரே, செக்ரட்டரி, அவரேதான். மீட்டிங்குக்கு முன்னாடி பென் டிரைவோட வந்து "கொஞ்சம் அழகு பண்ணிக் குடும்மா"ன்னாரு. திறந்து பாத்தா ஒரே ஸ்லைடு. தலைப்பு "தண்ணீர் நிலவரம்". அதுக்குக் கீழ ஒம்போது புல்லட், ஒரு டேபிள், மோட்டார் ரூம் போட்டோ ஒண்ணு, மூலைல ஒரு பை சார்ட். பை சார்ட்னாலே எனக்கு ஆகாது, அது உங்களுக்கே தெரியும், அதை விடுங்க.

எழுத்து எல்லாம் எறும்பு சைஸ். அவர் வேணும்னு சின்னதா வைக்கல, பவர்பாயிண்ட்டே குறைச்சிடும், டைப் பண்ணப் பண்ண டெக்ஸ்ட் சுருங்கிட்டே போகும், பெட்டிக்கு ஓரத்துல ஒரு குட்டி ஐகான் மட்டும் வரும். அதைக் க்ளிக் பண்ணா Split Text Between Two Slides-னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை நம்பாதீங்க! அது வரியை எண்ணிப் பிரிக்கும், விஷயத்தைப் பாத்துப் பிரிக்காது. அதை அமுக்கினா ரெண்டு ஸ்லைடுக்கும் "தண்ணீர் நிலவரம்"தான் தலைப்பு. கையால பிரிக்கிறவங்களும் இதையேதான் பண்றாங்க, ரெண்டாவது ஸ்லைடுல "(தொடர்ச்சி)"ன்னு போட்டு வெச்சிருப்பாங்க. அந்த தொடர்ச்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும், இடம் பத்தலன்னு பிரிச்சிருக்காங்க, அவ்ளோதான்.

நான் என்ன பண்ணேன்னா, ஸ்லைடைத் தொடவே இல்ல முதல்ல. அங்கிள உக்கார வெச்சு ஒவ்வொரு புல்லட்டையும் காட்டி, "இதைக் கேட்டுட்டு ஜனங்க எதுக்கு தலையாட்டணும் அங்கிள்?"னு கேட்டேன். அவர் வாயால சொன்னதை அப்படியே ஒரு முழு வாக்கியமா எழுதிக்கிட்டேன். "லாரி செலவு"ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன், லாரி செலவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும். அவர் என்னடான்னா "லாரி செலவு ஏறிடுச்சு, அதனால மீட்டர் போடணும்"னு ஒரே மூச்சுல சொல்றாரு. அது ரெண்டு விஷயம், முதல் பாதிக்கு ஆமான்னு சொல்ற ஆளே ரெண்டாவது பாதிக்கு சண்டைக்கு வருவாரு, அப்ப ரெண்டு ஸ்லைடு.

இப்பதான் சூப்பர் மேட்டர் ஒண்ணு மாட்டுச்சு. அவரோட முதல் புல்லட் என்ன தெரியுமா, "லாரிக்காரர் ரேட்டை ஏத்திவிட்டார்". அதைப் படிச்ச உடனே எல்லாரும் லாரிக்காரரத் திட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. ஆனா டேபிள்ல என்ன இருந்துச்சுன்னா, போன வருஷம் மே மாசம் 30 லோடு, லோடுக்கு 1,500 ரூவா, ஆக 45,000. இந்த மே மாசம் 50 லோடு, லோடு 1,800, ஆக 90,000. கரெக்டா டபுள். ரேட் மட்டும் ஏறி லோடு அதே 30-ஆ இருந்திருந்தா 54,000-தான் வந்திருக்கும், அதாவது ஏறின 45,000-ல வெறும் 9,000 தான் ரேட்டால, மிச்சம் 36,000 நாம கூடுதலா லோடு வாங்கினதால. ஒரே ஸ்லைடுல குமிச்சு வெச்சிருந்தப்போ இது அவருக்கே தெரியல! தனி வாக்கியமா எழுதி இதுக்கு ஆதாரம் எதுன்னு தேடினப்போதான் வெளில வந்துச்சு.

அப்புறம் மடமடன்னு வேலை. புது ஸ்லைடு எடுக்காதீங்க, இடது பக்கம் இருக்கிற குட்டிப் படத்தைச் செலக்ட் பண்ணி Ctrl+D, எத்தனை வாக்கியமோ அத்தனை காப்பி. ஒவ்வொரு காப்பிலயும் அந்த வாக்கியத்தைத் தலைப்பா வெச்சு, அதுக்குச் சம்பந்தமில்லாததை அழிச்சுட்டே போங்க. எனக்கு நாலு வந்துச்சு. "ஒரு வருஷத்துல லாரி செலவு ரெண்டு மடங்காச்சு", கீழ ஒரே ஒரு லைன் சார்ட். "ரேட்டை விட லோடு ஏறினதுதான் காரணம்", கீழ அந்த 9,000-மும் 36,000-மும் ரெண்டு பார். "போர்ல தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான் வருது", மோட்டார் ரூம் போட்டோ இங்க வந்துடுச்சு. கடைசியா "மீட்டர் போடற செலவு ரெண்டு மாச லாரி காசுக்குள்ள முடிஞ்சுடும்". பை சார்ட் எதுலயும் ஒட்டல, போயிடுச்சு, சந்தோஷம்.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அங்கிளுக்கு இது புடிச்சுப்போய், அடுத்து "போன மே ஒரு ஸ்லைடு, இந்த மே ஒரு ஸ்லைடு"ன்னு வெட்ட ஆரம்பிச்சுட்டாரு. அது தப்பு. ஒப்பிடணும்னா ரெண்டும் கண்ணு முன்னாடி ஒண்ணா இருக்கணும், முந்தின ஸ்லைடு நம்பரை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. ஒரு ஸ்லைடுல எத்தனை நம்பர் இருந்தாலும் பரவால்ல, எல்லாம் சேந்து ஒரே விஷயத்தைச் சொன்னா போதும்.

இப்போ சண்டை. "ஒண்ணு நாலாச்சே, பிரிண்ட்டு யாரு குடுப்பா?" 40 வீடு, கலர் பிரிண்ட் முக்குக்கடைல பக்கம் 10 ரூவா. ஒரு ஸ்லைடுனா 400, நாலுனா 1,600. பாருங்க, மாசம் 90,000-க்கு லாரி தண்ணி இறக்கறவரு 1,200 ரூவாக்கு நெஞ்சப் புடிக்கிறாரு. கருப்பு வெள்ளைல 2 ரூவான்னாரு, ஆனா சார்ட்ல சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாத் தெரியும், எது போன வருஷம் எது இந்த வருஷம்னே புரியாது. மனுஷன் பாதி நேரம் இதையே பேசுறாரு, நானும் விடல. கடைசில பிரிண்ட் பண்ற இடத்துல Full Page Slides-னு இருக்கிறதை மாத்தி Handouts-ல 4 Slides Horizontal வெச்சேன், நாலும் ஒரே பேப்பர்ல. 400 ரூவா! எழுத்து படிக்க முடியுதான்னு அவர் கண்ணாடியைக் கழட்டிட்டே செக் பண்ணாரு, முடியுது, ஏன்னா இப்ப ஒவ்வொண்ணுலயும் ஒரு வரியும் ஒரு படமும்தான்.

நேரமும் கூடல, அதையும் கேட்டாரு. பேசற விஷயம் அதேதான், முன்னாடி ஒரே ஸ்லைடுல ஆறு நிமிஷம் நின்னிருப்பாரு, இப்ப ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம். முடிச்சதும் Slide Sorter-ல போட்டு தலைப்பை மட்டும் வரிசையா சத்தமாப் படிக்கச் சொன்னேன். மூணாவதும் ரெண்டாவதும் இடம் மாறினா நல்லாருக்குமான்னு யோசிச்சோம், இல்ல, லோடு ஏன் ஏறிச்சுன்னு ஜனங்க கேப்பாங்க, அதுக்குப் பதிலாத்தான் போர் வரணும், அப்படியே விட்டாச்சு.

மிச்சமான டேபிள், மீட்டர் கணக்கு எல்லாம் கடைசில ஹைட் பண்ணி அஞ்சாவது, ஆறாவது ஸ்லைடா வெச்சோம். மீட்டிங்ல நினைச்ச மாதிரியே மூணாவது மாடி அக்கா எழுந்து, "எங்க வீட்ல கிச்சனுக்கு ஒரு லைன், பாத்ரூமுக்கு ஒரு லைன் வருது, ஒரு மீட்டர் எப்படிப் பத்தும்?"னாங்க. ஸ்லைடு ஓடிட்டு இருக்கும்போதே கீபோர்டுல 6 அடிச்சு என்டர், ஹைட் பண்ண ஸ்லைடு நேரா வந்து நின்னுச்சு: வீட்டுக்கு ரெண்டு, 80 மீட்டர், ஃபிட்டிங்கோட 2,200, மொத்தம் 1,76,000. அக்கா உக்காந்துட்டாங்க. அங்கிள் என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே!

அடுத்து லிஃப்ட் கொட்டேஷன் ஸ்லைடு அனுப்பியிருக்காரு, மூணு கம்பெனி ஒரே டேபிள்ல. அதைப் பிரிக்க மாட்டேன், தலைப்பை மட்டும் மாத்தணும், "லிஃப்ட்"னு போட்டிருக்காரு.