கண் அழுத்தத்துக்கு இரண்டாவது சொட்டு மருந்து எதற்கு?

கேள்வி: "வணக்கம் டாக்டர். எனக்கு வயது 58. கண் அழுத்தம் 28 இருந்தது. இரவில் லட்டானோபுரோஸ்ட் ஒரு சொட்டு போட்டு 20-க்கு வந்துவிட்டது. இன்னும் குறைய வேண்டும் என்று காலையும் மாலையும் போட டார்சோலமைடு என்று வேறொரு மருந்து சேர்த்திருக்கிறார்கள். அதைப் போட்டால் கண் எரிகிறது, வாயும் கசக்கிறது. முதல் மருந்தையே இரண்டு வேளை போட்டால் போதாதா? எனக்கு அவ்வப்போது வீசிங் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்."

வணக்கம் ஐயா. முதல் மருந்தை இரண்டு வேளை போடக் கூடாது. அப்படிப் போட்டால் அழுத்தம் கூடுதலாகக் குறையாது. ஒரு வேளை போடும்போது கிடைக்கும் பலனே சற்றுக் குறைந்துவிடுவதாக ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. ஒரே மருந்து அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தால், அதை ஏற்கும் இடங்கள் மந்தமாகிவிடுவது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இரண்டாவது மருந்தின் அவசியம் புரிய வேண்டுமானால், கண்ணுக்குள் அழுத்தம் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அழும்போது வெளியே வரும் கண்ணீர் வேறு, கண்ணுக்குள்ளேயே ஊறும் நீர் வேறு. கருவிழிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் சிலியரி பகுதி, நிமிடத்துக்குச் சுமார் இரண்டு முதல் இரண்டரை மைக்ரோலிட்டர் அளவுக்கு ஒரு தெளிவான நீரை இடைவிடாமல் சுரக்கிறது. அந்த நீர் கண்மணித் துளை வழியாக முன்னால் வந்து, இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு திசு இருக்கிறது; பெரும்பகுதி நீர் அதன் வழியாக ஒரு நுண்கால்வாயை அடைந்து இரத்தக் குழாய்களில் கலந்துவிடுகிறது. மீதி நீர் சிலியரி தசைநார்களுக்கு இடையே கசிந்து போகிறது. சுரப்பது வழக்கம் போலவே இருக்க, வெளியேறுவது தடைப்படும்போது அழுத்தம் ஏறுகிறது. ஆகவே சுரப்பதைக் குறைப்பது, வெளியேறுவதைக் கூட்டுவது என்ற இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ செய்வதுதான் எல்லா கிளாக்கோமா மருந்துகளின் வேலையும்.

நீங்கள் இரவில் போடும் லட்டானோபுரோஸ்ட், தசைநார்களுக்கு இடையே கசியும் அந்த இரண்டாவது வழியைத் திறந்துவிடுகிறது. தசைநார்களைச் சுற்றி அடைத்திருக்கும் புரதப் பொருள்களைக் கரைக்கும் நொதிகளை அது தூண்டுவதால், நார்களுக்கு இடையே உள்ள இடம் விரிகிறது. இந்த மாற்றத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால், முழுப் பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். ஆனால் திறந்த வழி பகல், இரவு இரண்டிலும் பயன் தருவதால் நாளுக்கு ஒரு சொட்டு போதும். இமை மயிர் நீண்டு தடிப்பதும், கண் லேசாகச் சிவப்பதும், சிலருக்குக் கண்ணைச் சுற்றிய தோல் கருப்பதும் இந்த மருந்தால் வருவனவே.

உங்களுக்கு 28-லிருந்து 20-க்கு வந்தது என்றால் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது. இந்த மருந்திடம் எதிர்பார்க்கக்கூடிய நல்ல பலன் இது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, ஆனால் உங்கள் பார்வை நரம்பின் நிலைக்கு 20 போதவில்லை என்பதே உங்கள் மருத்துவரின் கணிப்பு. 28 என்பது 26-க்கு மட்டும் வந்திருந்தால், இன்னொன்றைச் சேர்க்காமல் இந்த மருந்தையே மாற்றியிருப்பார்கள். வேலை செய்யும் மருந்தோடு வேறொன்றைச் சேர்ப்பதும், வேலை செய்யாததை மாற்றுவதும்தான் இதில் முறை.

இனி டார்சோலமைடு. இது சுரக்கும் இடத்தில் வேலை செய்கிறது. நீர் சுரக்க வேண்டுமானால் சிலியரி செல்களில் பைகார்பனேட் உருவாக வேண்டும். அதற்கு உதவும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை இந்த மருந்து தடுப்பதால் சுரப்பு குறைகிறது. ஒரு மருந்து வடிகாலைத் திறக்க, மற்றொன்று வரத்தைக் குறைப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. லட்டானோபுரோஸ்ட்டோடு சேரும்போது, எஞ்சிய அழுத்தத்தில் இது ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் வரை குறைக்கக்கூடும். அதாவது 20 என்பது 16, 17 என்ற அளவுக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம். இந்த மருந்து கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது என்பதால் எரிகிறது. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் வழியாகத் தொண்டையில் இறங்குவதால் கசக்கிறது. இரண்டுமே எதிர்பார்க்கக்கூடியவைதான். ஆனால் கண் நாள் முழுவதும் சிவந்து, இமை தடித்து அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

உங்கள் வீசிங் விஷயத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். சுரப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்து டிமோலால். 1978-லிருந்து கண் சிகிச்சையில் பரவலாகப் பயன்படும் பீட்டா தடுப்பு மருந்து அது. விலை குறைவு, எரிச்சலும் குறைவு, பலனும் நன்றாகவே இருக்கும். ஆனால் கண்ணில் விடும் ஒரு சொட்டு மூக்கின் உட்தோல் வழியாக நேராக இரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் அதில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். இங்கே அந்தத் தடை இல்லை. அதனால் சிறிய அளவாக இருந்தும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடக்கூடும். இதயத் துடிப்பு ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு இன்னும் குறைக்கக்கூடும். டார்சோலமைடும் டிமோலாலும் ஒரே குப்பியில் கலந்தும் கடைகளில் கிடைக்கின்றன. அந்தக் கலவைக்கும் காலை, மாலை என்று இரண்டு வேளைதான் சொல்வார்கள். எனவே உங்கள் குப்பியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரோடு நிறுத்திவிடாமல், கீழே சிறிய எழுத்தில் உள்ள உட்பொருள்களையும் படித்துப் பாருங்கள். டிமோலால் என்ற சொல் இருந்தால், அடுத்த சொட்டு போடும் முன்பே உங்கள் கண் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து வீசிங்கைச் சொல்லுங்கள். மூச்சிரைப்பு ஏற்கெனவே கூடியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டிமோலால் கூடாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பிரிமோனிடின் முக்கியமாகச் சுரப்பைக் குறைக்கிறது, கசிவு வழியையும் ஓரளவு கூட்டுகிறது. ஆனால் வாய் உலர்ந்து தூக்கம் வரலாம், மாதங்கள் கழித்துக்கூட ஒவ்வாமை தோன்றலாம். நெட்டார்சுடில், கருவிழி ஓரத்துச் சல்லடையையே தளர்த்திவிடும் புதிய மருந்து. கண் சிவப்பது அதில் அதிகம். எது என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, போடும் முறை. ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் நிற்காது, வழிந்துவிடும். போட்டதும் கண்ணை மென்மையாக மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்குவது குறைவதால் உங்கள் வாய்க் கசப்பும் கணிசமாகக் குறையும், இரத்தத்தில் கலப்பதும் குறையும். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து போட வேண்டியிருந்தால், முதலாவதை இரண்டாவது கழுவிவிடாதபடி ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். நான்கு வாரம் கழித்து அழுத்தம் பார்க்கும்போது, அன்று எத்தனை மணிக்கு எந்தச் சொட்டைப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டார்சோலமைடின் விளைவு சில மணி நேரத்திலேயே ஏறி இறங்குவது. காலைச் சொட்டை விட்டுவிட்டு வந்தீர்களானால், மருந்து போதவில்லை என்று எண்ணி மூன்றாவது மருந்தையும் எழுதிவிட நேரும்.