ரீஸ்டார்ட் பண்ணா ஃபிங்கர்பிரின்ட் ஏன் வேலை செய்யாது?

[திரையில்: ஆன் ஆகிட்டிருக்கிற போன்]

போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்கன்னா முதல்ல பின் நம்பர்தான் கேட்கும், விரலை எவ்ளோ அழுத்தினாலும் திறக்காது, கவனிச்சிருக்கீங்களா? ஏன்னா உங்க போட்டோ, மெசேஜ் எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கிற சாவி அந்த பின் இல்லாம உருவாகவே உருவாகாது. விரல் ரேகை எல்லாம் அதுக்கப்புறம் வர்ற சௌகரியம்தான்.

கூகுள் பிக்சலை எடுத்துக்குவோம். 2018ல வந்த பிக்சல் 3லேர்ந்து அதுல டைட்டன் எம்னு தனியா ஒரு குட்டி சிப் இருக்கு, மெயின் ப்ராசஸரோட சேராம அதுக்குன்னு சொந்த மெமரியோட.

இப்ப ஒருத்தன் உங்க போனை திருடி, ஸ்டோரேஜ் சிப்பை கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டுறான்னு வைங்க. நாலு இலக்க பின்னுன்னா மொத்தமே 10,000 தான், எல்லாத்தையும் போட்டு பார்க்க கம்ப்யூட்டருக்கு ரொம்ப நேரம் ஆகாது. ஆனா அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா சாவியில பாதி டைட்டன் சிப்புக்குள்ள இருக்கு. சரியான பின் வந்தாதான் சிப் அந்த ரகசிய நம்பரை வெளிய விடும், தப்பா போட்டா காக்க வைக்கும், தப்பு கூடக்கூட காத்திருப்பும் ஏறும். ஒரு முயற்சிக்கு ஒரு நாள்னு ஆகிடுச்சுன்னா 10,000 பின் போட 27 வருஷம்! இந்த சிப்போட சாஃப்ட்வேரை மாத்தி எண்ணிக்கையை ஏமாத்தலாமேன்னா, அதை அப்டேட் பண்ணவும் உங்க பின் வேணும், கூகுளே நினைச்சாலும் முடியாதபடி செஞ்சிருக்காங்க.

சரி, அவன் ஆண்ட்ராய்டையே மாத்தி, நீங்க டைப் பண்ற பின்னை திருடுற மாதிரி ஒண்ணை ஏத்திட்டு போனை திருப்பி வச்சுட்டா?

[திரையில்: பூட் ஆகிற வரிசை]

அங்கதான் வெரிஃபைடு பூட். ப்ராசஸருக்குள்ள மாத்தவே முடியாத ஒரு சின்ன கோட், ஆண்ட்ராய்டை ஏத்தி விடுற ப்ரோகிராமான பூட்லோடரோட டிஜிட்டல் கையெழுத்தை சோதிக்கும், பூட்லோடர் ஆண்ட்ராய்டோட மையமான கெர்னலை சோதிக்கும், அப்புறம் சிஸ்டம் பைல்களை படிக்கப்படிக்க ஒவ்வொரு துண்டா சரிபார்க்கும். ஓட்டை இருந்த பழைய வெர்ஷனை திரும்ப ஏத்தவும் விடாது. வேற சிஸ்டம் ஏத்துறதுக்காக பூட்லோடரை அன்லாக் பண்ணா டேட்டா மொத்தமும் அழிஞ்சிடும், ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் எச்சரிக்கை வரும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறவங்க ஆன் பண்ணி அந்த எச்சரிக்கை வருதான்னு பார்க்காம காசு கொடுக்காதீங்க. போன்ல யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி, adb கருவி போட்ட கம்ப்யூட்டர்ல இதை அடிச்சும் பார்க்கலாம்:

```
adb shell getprop ro.boot.verifiedbootstate
```

`green` வந்தா நல்லது, `orange` வந்தா அன்லாக் ஆகியிருக்கு. ஆனா மாத்தின சிஸ்டம் இதுல பொய் சொல்லவும் முடியும், அதனாலதான் பேங்க் ஆப் மாதிரி ஆப்கள் வன்பொருள் கையெழுத்து போட்ட சான்றிதழை கேட்க முடியுற மாதிரி வச்சிருக்காங்க.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. ஒரு தடவை பின் போட்டு திறந்துட்டீங்கன்னா, அப்புறம் ஸ்க்ரீன் லாக் ஆனாலும் பெரும்பாலான சாவிகள் மெமரியில உயிரோடதான் இருக்கும், போலீஸ் வச்சிருக்கிற திறக்கிற கருவிகள் குறி வைக்கிறது இந்த நிலையைத்தான். அதுக்குத்தான் 2025ல கூகுள், மூணு நாள் தொடர்ந்து லாக்லயே கிடந்தா போன் தானா ரீஸ்டார்ட் ஆகிற வசதியை கொண்டுவந்துச்சு. எங்கயாவது போனை அடுத்தவங்க கையில கொடுக்கணும்னா, நீங்களே முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க.