தேனுக்கு ஒரு வருஷம் பொறுங்கள்

(உலகத் தாய்ப்பால் வார விழாவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, இந்தக் கூடத்தைக் கேட்டவுடன் திறந்து கொடுத்த ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேனீ வளர்ப்போர் சங்கத் தலைவர், செயலாளர் அவர்களே, கூப்பிட்டதும் வந்து குத்துவிளக்கு ஏற்றிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அங்கன்வாடி சகோதரிகளே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் பாட்டிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சங்கத் தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. தேனைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று தெரிந்தும், "வாருங்கள், எங்கள் ஆட்களும் கேட்கட்டும்" என்று சொன்னவர் அவர்.

மார்த்தாண்டம் பக்கத்தில் நின்று தேன் கொடுக்காதீர்கள் என்று பேசுவது லேசான காரியமில்லை. ரப்பர் தளிர் விடும் காலம் வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் பெட்டி வைக்கிற ஊர் நம்முடையது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேன் நல்ல பொருள். பெரியவர்கள் சாப்பிடுங்கள், கர்ப்பிணிகள் சாப்பிடுங்கள், பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம், அது பால் வழியாகப் பிள்ளைக்குக் கேடு செய்யாது. ஒரு வயது முடியாத பிள்ளையின் வாயில் மட்டும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இன்றைக்கு மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஏன் கூடாது என்பது ஒன்று. கொடுத்துவிட்டால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இரண்டு. தேனில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்து மூன்றாவது.

எங்கள் அம்மை அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?" பத்து மாதம் சுமந்தவள், சுமந்தவளைத் தாங்கிய குடும்பம், இன்னும் ஒரு வருஷம் பொறுக்க முடியாதா? இதை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சரி, ஏன் கூடாது? மண்ணிலும் தூசியிலும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி இருக்கிறது. காலம் சரியில்லை என்றால் அது வித்தாக மாறி உறங்கிவிடும், பத்தாயத்தில் கிடக்கும் விதைநெல் மாதிரி. தேனீ பூவுக்கும் தளிருக்கும் போய் வரும்போது தூசியோடு இந்த வித்தும் சில நேரம் தேனுக்குள் வந்துவிடுகிறது. தேனில் ஈரம் குறைவு, புளிப்பு உண்டு, அதனால் அங்கே அது முளைக்காது. ஆனால் சாகவும் சாகாது. பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, வந்த வித்துக்கு அங்கே இடம் கிடைக்காது, அப்படியே வெளியே போய்விடும். பச்சைப் பிள்ளையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை. காற்றில்லாத இடம், இளஞ்சூடு, போட்டிக்கு ஆளில்லை. வித்து முளைக்கிறது, பெருகுகிறது, அங்கேயே நஞ்சை உண்டாக்குகிறது. நரம்பு தசைக்குக் கொடுக்கும் கட்டளையை அந்த நஞ்சு மறித்துவிடும். தசை ஒவ்வொன்றாகத் தளரும். நோய்க்குப் பெயர் பாட்டுலிசம். பிள்ளைகளுக்கு இது இந்த வழியாக வருகிறது என்று கலிபோர்னியாவில் கண்டறிந்தது 1976-இல்தான். நம் பாட்டிமாருக்கு இது தெரியாமல் போனது அவர்கள் குற்றமே இல்லை.

இப்போது ஒரு வீட்டுக் கதை. வேலையில் இருந்தபோது நடந்தது, ஊர் பெயர் வேண்டாம். பிரசவம் முடிந்து வந்த மருமகளைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலிலேயே பாட்டியம்மை உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு இரண்டு மாதம். "அம்மா, தேன் ஏதும் கொடுக்கலையே?" என்றேன். "அய்யோ, நீங்க சொன்ன பிறகு கடைத் தேன் வீட்டுக்குள்ளயே வரலை மக்களே" என்றார்கள். எனக்குச் சந்தோஷம். உள்ளே போனால் அலமாரியில் தேன் பாட்டில். கேட்டேன். "அது கடைத் தேன் இல்லையே, பிள்ளையோட தாய்மாமன் பெட்டியில எடுத்தது. கலப்படமே கிடையாது" என்றார்கள். கலப்படம் இல்லாததுதான் அம்மா, ஆனால் இந்த வித்து கலப்படக்காரன் போடுவது இல்லை, மண்ணிலிருந்து வருவது, சுத்தமான தேனிலும் இருக்கலாம் என்று சொன்னேன். யோசித்தார்கள். அப்புறம், "அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் நல்லா கொதிக்க வச்சு ஆற வச்சேன்" என்றார்கள்! மருமகள் என்னைப் பார்க்கிறாள், நான் மருமகளைப் பார்க்கிறேன்.

பாட்டியம்மை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, கேளுங்கள். இந்தக் கிருமி உண்டாக்கும் நஞ்சு கொதித்தால் அழியும். ஆனால் தேனில் இருப்பது நஞ்சு இல்லை, வித்து. தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியில் வித்து பிழைத்துக்கொள்ளும். அதை அழிக்க 121 டிகிரி வேண்டும், ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோலை அவிக்கும் ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வருகிற சூடு. அடுப்பில் வைத்த தேன் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. கஞ்சியில் கலந்தாலும், கேழ்வரகுக் கூழில் விட்டுக் காய்ச்சினாலும் கதை அதேதான்.

இதைச் சொன்னதும் பாட்டியம்மை கடைசியாக ஒன்று சொன்னார்கள். "பிள்ளைக்கு ஊட்டலை மக்களே, சூப்பானிலதான் தொட்டு வச்சேன்." மருமகள் தலையில் கை வைத்துவிட்டாள். ஆனால் இது நம் பாட்டியம்மைக்கு மட்டும் வந்த யோசனை இல்லை. 2018-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் தேன் அடைத்த சூப்பான்களைச் சப்பிய 4 குழந்தைகள் இதே நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தன. அவை மெக்சிகோவில் வாங்கிய சூப்பான்கள். அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. இதைச் சொன்ன பிறகுதான் பாட்டியம்மை எழுந்தார்கள். பேரனைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதம் கிழிக்கச் சொன்னார்கள். அதில் பிள்ளையின் முதல் பிறந்தநாள் தேதியை எழுதவைத்து, சோற்றுப் பசையால் பாட்டிலில் ஒட்டி, மேல் தட்டில் ஏற்றிவிட்டார்கள். "அந்த நாள் வரைக்கும் யாரும் தொடப்படாது" என்று உத்தரவு. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா? அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை, இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்தக் காகிதத்துக்குத் திரும்ப வருவேன், அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

"நாங்க எல்லாம் பிறந்ததும் நாக்குல தேன் தொட்டுச் சேனை வச்சு வளர்ந்த ஆளுங்கதானே?" என்று கேட்பீர்கள். உண்மை. எல்லாத் தேனிலும் வித்து இல்லை, இருந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் நோய் வருவதில்லை. தூசியிலிருந்தும் இந்த நோய் வரலாம், தூசியை நாம் தடுக்க முடியாது. தேனைத் தடுக்கலாம். வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மாத ஆண் குழந்தை. உடம்புக்கு நல்லது என்று நம்பி, வீட்டில் பழச்சாற்றில் தேன் கலந்து ஒரு மாதம் போலக் கொடுத்திருக்கிறார்கள், நாளுக்குச் சுமார் 10 கிராம். 2017 பிப்ரவரியில் இருமல், மூக்கொழுகல் என்று ஆரம்பித்தது. சில நாளில் வலிப்பு, மூச்சுத் திணறல். மார்ச் 30-இல் குழந்தை இறந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த தேனிலும் குழந்தையின் மலத்திலும் அதே கிருமி இருந்தது. 1987-லிருந்தே ஜப்பான் அரசு ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னது அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பெற்றோர் பாசத்தில்தான் கொடுத்தார்கள்.

இரண்டாவது விஷயம். தேன் கொடுத்து மூன்று நாளிலும் தெரியலாம், ஒரு மாதம் கழித்தும் தெரியலாம். பெரும்பாலும் முதலில் மலச்சிக்கல். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை சில நாள் மலம் போகாமல் இருப்பது சாதாரணம்தான், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அதோடு பால் இழுக்கும் வேகம் குறைந்தால், அழுகை முனகலாகிவிட்டால், கண் இமை பாதி மூடியே நின்றால், சிரிக்கிற பிள்ளையின் முகம் அசைவில்லாமல் போனால், நின்ற தலை மறுபடி தொங்கினால், உடனே ஆஸ்பத்திரி. பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. "காய்ச்சல் இல்லையே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள், தளர்ச்சி முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கி மூச்சுத் தசைக்கு வந்துவிடும். டாக்டரிடம் முதல் வார்த்தையாகத் தேன் கொடுத்ததைச் சொல்லுங்கள். யாரும் திட்டினாலும் பரவாயில்லை. ஜென்டாமைசின் மாதிரி சில ஊசிகள் இந்த நோயில் தளர்ச்சியைக் கூட்டிவிடும், அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். நேரத்தோடு போனால், மூச்சுக்குத் துணை கொடுத்து வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டால், பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுகிறார்கள்.

மூன்றாவதாக உரைமருந்து. வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், இதற்கே தனிக் கூட்டம் வேண்டும். வட்டார அலுவலர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர்களுக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா இருக்கிறது, இவ்வளவு நேரம் இருந்ததே பெரிய மரியாதை. இப்போதைக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: நாக்கில் மா படிந்தாலும் இருமினாலும் அதற்குத் தேன் தடவாதீர்கள், சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

இனி என் கோரிக்கை. நான் கடையில் வாங்கிப் பார்த்த பாட்டில்களில் சிலவற்றில் எச்சரிக்கையே இல்லை. சிலவற்றில் இருக்கிறது, ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில். சேனை வைப்பது பாட்டி. பாட்டிக்குப் புரியாத எழுத்து யாருக்காக? "ஒரு வயதுக்குள் கொடுக்காதீர்" என்று தமிழில், பெரிய எழுத்தில், பாட்டிலின் முன்பக்கம் வேண்டும். அந்தப் பாட்டியம்மை சோற்றுப் பசையில் ஒட்டியதைத்தான் கேட்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம். சட்டம் வரும்போது வரட்டும். சங்கத் தலைவர் ஐயா, நம்முடைய ரப்பர் தேன் பாட்டிலில் இந்தப் பருவத்திலிருந்தே ஒட்டலாமே? இதனால் விற்பனை குறையாது, பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் அதே வீடு உங்களிடம்தான் வரும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுப்பார்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது, அங்கன்வாடி டீச்சர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டிமார் கையெழுத்து முதலில் வரவேண்டும். கையெழுத்துப் போட வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.